கணினி இல்லாம கோடிங்: கொடிக்கயிறு, அட்டை, ஒரு குட்டை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட்ல லேப்டாப், செயலி எதுவும் கிடையாது. சுண்ணக்கட்டி, கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கம், துணி காயப்போடுற கயிறு, கொஞ்சம் துணி கிளிப். இதை வச்சு மூணாவது, நாலாவது படிக்கிற பசங்களுக்கு நிரலாக்கத்தோட ரெண்டே ரெண்டு விஷயத்தை எப்படிக் கத்துக் கொடுக்கறதுன்னு பார்க்கப் போறோம். ஒண்ணு வரிசை. அதாவது எது முதல்ல, எது அப்புறம். இன்னொண்ணு நிபந்தனை. இப்படி இருந்தா இதைச் செய், இல்லைன்னா அதைச் செய்.

கிருமாம்பாக்கத்துல சனிக்கிழமை காலையில ஒரு பன்னெண்டு பசங்களோட நாங்க இதை விளையாடுறோம். புதுச்சேரி-கடலூர் ரோட்டுல போறவங்களுக்கு இந்த ஊர் மருத்துவக் கல்லூரி, இன்ஜினியரிங் கல்லூரி போர்டுகளாலதான் தெரியும். ரோட்டை விட்டு உள்ளே வந்தா பாகூர் கொம்யூனோட வழக்கமான தெருதான். வீட்டு வாசல், கோயில் திடல், வேப்பமரம். விளையாட அது போதும்.

ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த விளையாட்டுல பசங்க சந்தோஷமா ஓடுறதைப் பார்த்து, "ஆஹா, கத்துக்கிட்டாங்க"ன்னு நினைச்சுக்கறது ரொம்ப சுலபம். குழந்தை கொடி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துடும். அட்டைகள் சொன்னதால சேர்ந்துச்சா, இல்லை அதுவே யோசிச்சு சேர்ந்துச்சா? இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரியலைன்னா, நாம நடத்தினது வெறும் ஓட்டப் பந்தயம்தான். எபிசோட் முழுக்க இந்தக் கேள்வியைச் சுத்தித்தான்.

## இது எங்கேர்ந்து வந்துச்சு

கணினி இல்லாம கணினி அறிவியல் சொல்லிக் கொடுக்கற முறைக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர் 'சிஎஸ் அன்பிளக்ட்'. 1990-கள்ல டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ்னு மூணு பேர் சேர்ந்து உருவாக்கினது. நியூசிலாந்துல இருக்கற கேன்டர்பரி பல்கலைக்கழகத்துலதான் இது வளர்ந்துச்சு. அதுல 'கிட்பாட்ஸ்'னு ஒரு விளையாட்டு இருக்கு. மூணு குழந்தை சேர்ந்து ஒரு குழு. ஒருத்தர் கட்டளை எழுதணும், ஒருத்தர் ரோபோ மாதிரி நடக்கணும், ஒருத்தர் சரிபார்க்கணும். நாம இன்னைக்குப் பேசப்போற விளையாட்டுக்கு அதுதான் அடிப்படை.

இதுக்கும் முன்னாடி, 1967-ல லோகோ மொழி வந்துச்சு. அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் சீமோர் பேப்பர்ட். திரையில இருக்கற ஆமை எங்கே திரும்பும்னு தெரியலையா, நீயே ஆமையா மாறி நடந்து பாருன்னு சொன்னவர். உடம்புக்குத் தெரிஞ்ச விஷயத்தை வச்சு மூளைக்குப் புதுசா இருக்கறதைப் பிடிக்கற வழி அது.

அட்டை நம்ம பக்கத்துக்கும் புதுசு இல்ல. தென்பெண்ணையைத் தாண்டி கடலூருக்குப் போனா தமிழ்நாடு. அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் இருந்துச்சு. ரிஷிவேலி பள்ளியோட முறையை எடுத்துக்கிட்டு 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு, அப்புறம் மாநிலம் முழுக்கப் போனது. சுவத்துல கற்றல் ஏணி. குழந்தை தன்னோட படியைப் பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலேர்ந்து தானே எடுத்துக்கும். வழியில ஒரு மதிப்பீட்டு அட்டை வரும். சரியா செஞ்சா அடுத்த படி, செய்யலைன்னா குறைதீர் அட்டை. யோசிச்சுப் பாருங்க, வரிசையும் நிபந்தனையும் அதுல அப்படியே இருக்கு. முக்கியமா, "சரியா செஞ்சியா?"ங்கற கேள்வி ஏணியில ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும்தான் வருது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

## என்னென்ன வேணும்

தரையில 4-க்கு 4 கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒன்றரை அடி. மொத்தமே ஆறடிக்கு ஆறடிதான். ஒன்றரை அடி ஏன்னா, எட்டு வயசுக் குழந்தை ஒரு அடி எடுத்து வச்சா ஏறக்குறைய அவ்ளோதான் வரும். கட்டம் பெருசா இருந்தா ஒரு அட்டைக்கு ரெண்டு அடி வைப்பாங்க, எண்ணிக்கை குழம்பிடும். சிமெண்ட் தரைன்னா சுண்ணக்கட்டி, மண்ணுன்னா கோலமாவு.

அட்டைக்கு கல்யாணப் பத்திரிகை நல்லா கெட்டியா இருக்கும். பின்பக்கம் பெருசா வரைஞ்சுக்கலாம். ஒரு குழுவுக்கு 'முன்னே' எட்டு, 'இடது திரும்பு' நாலு, 'வலது திரும்பு' நாலு. நிபந்தனை அட்டைகள் பின்னாடி வரும், அதுவும் ஒரு நாலு செஞ்சு வச்சுக்கோங்க.

அடுத்தது கயிறு. கிருமாம்பாக்கம் கடலுக்குப் பக்கம், தரையில அட்டையை வரிசையா வச்சா காத்துல பறந்துடும். அதுக்காகத்தான் கொடிக்கயிறு கட்டி கிளிப் போட ஆரம்பிச்சோம். பார்த்தா, கயிறு வேற ஒரு பெரிய வேலையைச் செய்யுது. வரிசைன்னா என்னன்னு கண்ணுக்குத் தெரியுது. இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம், ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு. அதோட ஒரே ஒரு சிவப்பு கிளிப் தனியா வச்சுக்கறோம். இப்போ எந்த அட்டை நடக்குதோ, அந்த அட்டைக்கு மேல அது இருக்கும். அட்டை முடிஞ்சா அடுத்ததுக்கு நகரும். கணினிக்குள்ள 'இப்போ எந்தக் கட்டளையில இருக்கேன்'னு ஒரு குறிப்பு இருக்கும்ல, அதுதான் இந்த சிவப்பு கிளிப்.

குழுவுல மூணு பேர். எழுதறவங்க அட்டையை மாட்டுவாங்க. நடக்கறவங்க கட்டத்துல நிப்பாங்க. சோதிக்கறவங்க சிவப்பு கிளிப்பை நகர்த்தி, அட்டையைச் சத்தமா படிப்பாங்க. நடக்கும்போது எழுதினவங்க வாயைத் திறக்கக் கூடாது. இது கண்டிப்பான விதி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூணு பேரும் இடம் மாறணும். மாத்தலைன்னா சத்தமா பேசற பையன் எப்பவும் எழுதறவனா இருப்பான், அமைதியான பொண்ணு எப்பவும் நடந்துக்கிட்டே இருக்கும். யோசிக்கற வேலை எழுதறவங்களுக்குத்தான் அதிகம், அதனால இது முக்கியம்.

## வரிசை: ஒரு ஆட்டத்தை முழுசா பார்ப்போம்

கட்டத்துக்கு அடியில அ, ஆ, இ, ஈ-ன்னு நாலு நெடுவரிசை. கீழேர்ந்து மேலே 1, 2, 3, 4. நடக்கறவங்க அ1-ல நிக்கறாங்க, முகம் கோயில் பக்கம், அதாவது மேலே. போக வேண்டிய இடம் இ3.

சரியான வழிகள்ல ஒண்ணு: முன்னே, முன்னே, வலது திரும்பு, முன்னே, முன்னே. முதல் ரெண்டு அட்டையில அ3 வந்தாச்சு. மூணாவது அட்டையில நின்ன இடத்துலயே உடம்பு மட்டும் திரும்புது. அடுத்த ரெண்டுல ஆ3, இ3. அஞ்சு அட்டை.

இப்போ பசங்க எழுதறது எப்படி இருக்கும்னு பாருங்க. நிறைய பேர் இப்படி மாட்டுவாங்க: முன்னே, முன்னே, வலது திரும்பு, முன்னே. நாலே அட்டை. நடந்து பார்த்தா ஆ3-ல நிக்கும், ஒரு கட்டம் குறையும். காரணம், 'வலது திரும்பு'ன்னா திரும்பி ஒரு அடி வைக்கணும்னு அவங்க நினைக்கறாங்க. தப்பே இல்ல, நாம தெருவுல வழி சொல்லும்போது "ரைட்ல திரும்பு"ன்னா திரும்பிப் போன்னுதானே அர்த்தம்?

இது கவனக்குறைவா, இல்லை புரிதல் பிரச்சினையான்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ரெண்டு திருப்பம் இருக்கற வழியைக் கொடுங்க. அதே அ1-லேர்ந்து இ3-க்கு, ஆனா ஆ3-ல தடை போட்டு, கீழ் வரிசை வழியா போகச் சொல்லுங்க. சரியான விடை: வலது திரும்பு, முன்னே, முன்னே, இடது திரும்பு, முன்னே, முன்னே. திரும்பறதையும் ஒரு அடின்னு நினைக்கற குழந்தை எழுதறது: வலது திரும்பு, முன்னே, இடது திரும்பு, முன்னே. நடந்தா ஆ2-ல போய் நிக்கும். பக்கவாட்டுல ஒண்ணு, மேலே ஒண்ணு குறையுது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் சரியா ஒரு கட்டம் குறைஞ்சா அது புரிதல். கண்டபடி தப்பினா கவனக்குறைவு. புரிதல்னா, நடக்கறவங்களைத் 'திரும்பு'ங்கற இடத்துல ரெண்டு காலையும் சேர்த்து வச்சு, அதே கட்டத்துல திரும்பி, "அதே இடம்"னு சொல்லச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு அந்தத் தப்பு பெரும்பாலும் வராது.

அடுத்தது இடது வலது குழப்பம். எழுதறவங்க நடக்கறவங்களுக்கு எதிரே நின்னா எல்லாம் கண்ணாடி மாதிரி மாறிடும். அ3-ல வலதுக்குப் பதில் இடது போட்டா, அடுத்த அடியே கட்டத்துக்கு வெளியே. அதனால எழுதும்போது நடக்கறவங்களோட முதுகுக்குப் பின்னாடி நின்னு பார்க்கணும். சின்னப் பசங்களுக்கு இடது வலதுன்னு சொல்றதைவிட சோத்துக்கை, பீச்சாங்கைன்னா உடனே புரியும். சோத்துக்கை மணிக்கட்டுல ஒரு ரிப்பன் கட்டி, 'வலது திரும்பு' அட்டையிலயும் அதே நிறம் அடிச்சுட்டா இன்னும் நல்லது. ஒண்ணாவது, ரெண்டாவது பசங்களுக்குத் திரும்பறதே வேண்டாம். 'கோயில் பக்கம் ஒரு அடி', 'ரோட்டுப் பக்கம் ஒரு அடி'ன்னு திசையைக் கட்டிப்போட்ட அட்டைகளே போதும்.

தப்பு வந்தா என்ன பண்றது? பசங்களோட முதல் ஆசை, எல்லா அட்டையையும் கழட்டிட்டு முதல்லேர்ந்து மாட்டறது. அதை விடாதீங்க. நடக்கறதுக்கு முன்னாடியே எழுதினவங்க தான் நினைச்ச வழியில புளியங்கொட்டையை வச்சுட்டு வரட்டும். நடக்கறவங்க எந்தக் கட்டத்துல முதன்முதலா கொட்டை இல்லாத இடத்துக்குப் போறாங்களோ, அல்லது கொட்டைக்கு வராம நின்னுடறாங்களோ, அங்கே ஆட்டத்தை நிறுத்துங்க. சிவப்பு கிளிப் இப்போ எந்த அட்டை மேல இருக்கு? தப்பு அந்த அட்டையில இருக்கும், இல்லைன்னா அதுக்குப் பக்கத்துல இருக்கும். ஆபீஸ்ல நாங்க பிழை தேடறதும் இதே வேலைதான். என்ன நடக்கும்னு எதிர்பார்த்தோம், என்ன நடந்துச்சு, ரெண்டும் எங்கே முதல்ல பிரிஞ்சுச்சு.

## ரொம்ப நல்ல குழந்தைதான் ரொம்ப மோசமான ரோபோ

ராய் பீ-ன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1986-ல ஒரு கட்டுரை எழுதினார். புதுசா நிரல் எழுதறவங்க எந்த மொழியில எழுதினாலும் சில தப்புகளை ஒரே மாதிரி செய்யறாங்கன்னு சொன்னார். அதுல மூணு வகை. எல்லாத்துக்கும் அடியில ஒரு பெரிய தப்பு இருக்குன்னார்: கணினிக்குள்ள ஒரு மனசு இருக்கு, நாம சொல்ல வந்ததை அது புரிஞ்சுக்கும்னு நினைக்கறது.

முதல் ரெண்டு வகையை நம்ம கட்டத்துலயே பார்க்கலாம். ஒண்ணு, எழுதறவங்க சொல்லாம விட்டதை நடக்கறவங்க புரிஞ்சுப்பாங்கன்னு நினைக்கறது. 'வலது திரும்பு' அட்டையையே விட்டுட்டு, "அவனுக்குத் தெரியாதா, அங்கேதானே போகணும்"னு கேப்பாங்க. இன்னொண்ணு, நிரலுக்கு அது போக வேண்டிய இடம் தெரியும்னு நினைக்கறது.

இங்கேதான் ஒரு சிக்கல். உண்மையான கணினிக்கு மனசு இல்ல. ஆனா நம்ம ரோபோ ஒரு குழந்தை. அதுக்கு மனசு இருக்கு. நண்பன் தப்பா எழுதினா சரி பண்ணி நடந்துடும். அட்டையில நாலு இருந்தாலும் கொடி வரைக்கும் அஞ்சு அடி போயிடும். பாசத்துல செய்யறதுதான். ஆனா எழுதினவனுக்குத் தன் தப்பு தெரியவே தெரியாது.

இதுக்கு நாங்க செய்யறது ரொம்ப எளிமையான ஒண்ணு. போக வேண்டிய இடத்தை நடக்கறவங்களுக்குச் சொல்றதே இல்ல. எழுதறவங்க கையில ஒரு சீட்டு இருக்கும், 'இ3'ன்னு. அதை அவங்களும் சோதிக்கறவங்களும் மட்டும்தான் பார்ப்பாங்க. புளியங்கொட்டையை வைக்கும்போது நடக்கறவங்க திரும்பி நிக்கணும், கொட்டையும் கட்டத்தோட ஓரத்துல சின்னதா இருந்தா போதும். இன்னும் சந்தேகமா? அதே அட்டை வரிசையை வேற குழுவோட நடக்கறவங்ககிட்ட கொடுங்க. ரெண்டு பேரும் ஒரே இடத்துல போய் நின்னா தப்பு அட்டையில. வேற வேற இடத்துல நின்னா தப்பு நடையில.

## நிபந்தனை: குட்டையை எப்போ வரையணும்?

இப்போ நிபந்தனை. இங்கே பெரும்பாலான பாடத்திட்டங்கள் ஒரு இடத்துல சறுக்கும். கட்டத்துல தடையை வச்சுட்டு, "தடை இருந்தா சுத்திப் போகணும், அதுக்கு அட்டை போடு"ன்னு சொல்வாங்க. குழந்தைக்குத்தான் தடை எங்கே இருக்குன்னு கண்ணுக்கு நேரா தெரியுதே! சுத்திப் போற வழியை நேரா எழுதிடும். நிபந்தனை அட்டைக்கு அங்கே வேலையே இல்ல. எழுதும்போது தெரியாத ஒண்ணு, நடக்கும்போது தெரிய வரும்போதுதான் நிபந்தனை தேவைப்படுது.

அதனால விதி இது. எழுதி முடிச்சு கிளிப் மாட்டினதுக்கு அப்புறம்தான் குட்டையை வரையணும்.

இதுக்குக் கட்டத்தை விட்டுட்டு ஒரு நேர்ப்பாதை போட்டுக்கலாம். 0-லேர்ந்து 4 வரைக்கும் அஞ்சு கட்டம். 0-ல நிக்கணும், 4-ல கொடி. நடுவுல 1, 2, 3-ல எங்கேயாவது ஒரு குட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குட்டைன்னா தரையில வரைஞ்ச வட்டம்தான். நிஜக் கல், பாலித்தீன் எதுவும் வேண்டாம், வழுக்கும். 'தாண்டு'ன்னு ஒரு புது அட்டை. தாண்டினா குட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கற கட்டத்துல போய் நிக்கணும், அதாவது ரெண்டு கட்டம்.

நிபந்தனை அட்டை இப்படி இருக்கும். மேலே கேள்வி: 'அடுத்த கட்டத்துல குட்டை இருக்கா?' கீழே ரெண்டு வால். 'ஆமா' வாலுல தாண்டு. 'இல்லை' வாலுல முன்னே, முன்னே. ரெண்டு வழியிலயும் ரெண்டு கட்டம்தான் நகரும்.

முதல்ல பசங்க எழுதற நிரல்: முன்னே, கேள்வி அட்டை, முன்னே. மூணே அட்டை. இதைக் கணினியில எழுதினா இப்படி வரும்:

```python
step()
if puddle_ahead():
    jump()
else:
    step()
    step()
step()
```

சோதிச்சுப் பார்ப்போம். குட்டை 2-ல: ஒரு அடி வச்சு 1-க்கு வந்தாச்சு. கேள்வி, ஆமா, தாண்டு, 3-ல நிக்குது. கடைசி அடி, 4. கொடி. குட்டையே இல்ல: 1, கேள்வி, இல்லை, 2, 3, அப்புறம் 4. கொடி. எல்லாரும் கை தட்டுவாங்க.

இப்போ குட்டையை 3-ல வரைங்க. 1-ல நிக்கும்போது கேள்வி. அடுத்த கட்டம் 2, அங்கே குட்டை இல்ல. அதனால முன்னே, முன்னே. ரெண்டாவது அடியில நேரா குட்டைக்குள்ள கால்! உடனே எழுதினவங்க சண்டைக்கு வருவாங்க. "குட்டை இருந்தா தாண்டுன்னு அட்டையில போட்டிருக்கே, ஏன் தாண்டல?"

இந்தச் சண்டைதான் நமக்கு வேணும். ராய் பீ சொன்ன மூணாவது வகை இதுதான். நிபந்தனை எழுதிட்டா அது நிரல் முழுக்க விழிச்சுக்கிட்டே இருக்கும்னு நினைக்கறது. உண்மையில சிவப்பு கிளிப் அந்த அட்டைக்கு வரும்போது, அந்த ஒரு நொடி மட்டும்தான் கேள்வி கேக்கப்படுது. கிளிப் தாண்டிடுச்சுன்னா கேள்வி தூங்கிடுச்சு. செயல்வழிக் கற்றல் ஏணியில மதிப்பீட்டு அட்டை ஒரு படியில மட்டும் வர்ற மாதிரி. வாக்குவாதம் வந்ததும் நாம விளக்கம் சொல்ல வேண்டாம். "குட்டையில கால் வச்சப்போ கிளிப் எங்கே இருந்துச்சு?"ன்னு மட்டும் கேளுங்க. 'இல்லை' வாலுல இருந்துச்சு. அவங்களே பார்த்துப்பாங்க.

## 'ஆல்' செய்யற குழப்பம்

இந்தத் தப்பு நம்ம பசங்களுக்கு வர்றதுக்கு மொழியும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. வீட்டுல "தபால்காரர் வந்தா கூப்பிடு"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? இப்போ வாசலைப் பார்த்துட்டு மறந்துடுன்னா? இல்லையே. நாள் முழுக்க கவனிச்சுக்கிட்டே இரு, எப்போ வந்தாலும் கூப்பிடுன்னு அர்த்தம். 'பால் பொங்கினா அடுப்பை அணை', 'மழை வந்தா துணியை எடு'. தமிழ்ல '-ஆல்', பேச்சுல '-ஆ', ரெண்டு வேலையும் பார்க்குது. ஒரு தடவை பார்த்து முடிவெடுன்னும் சொல்லும், எப்பவும் காவல் இருன்னும் சொல்லும். குழந்தை கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் ரெண்டாவது அர்த்தம்தான்.

அதனாலதான் நம்ம அட்டையில 'குட்டை இருந்தால்'னு எழுதறதில்ல, 'குட்டை இருக்கா?'ன்னு எழுதறோம். கேள்வியைக் கேட்டா பதில் உடனே சொல்லணும், சொன்னதும் முடிஞ்சுது. சோதிக்கறவங்க கேள்வியைச் சத்தமா கேக்க, நடக்கறவங்க "ஆமா" இல்லைன்னா "இல்லை"ன்னு சத்தமா சொல்லிட்டுத்தான் அடுத்த அடி வைக்கணும்.

இதே காரணத்தால ஒரு பிரபலமான விளையாட்டைப் பத்தியும் எச்சரிக்கை. "நான் சிவப்பு அட்டை காட்டினா கை தட்டு, பச்சை காட்டினா குதி." நிபந்தனை கத்துக்கொடுக்க நிறைய பேர் இதைத்தான் விளையாடுவாங்க. ஜாலியா இருக்கும், ஆனா இது கத்துக்கொடுக்கறது காவல் இருக்கற வகையை. ஸ்கிராட்ச்ல 'இது நடக்கும்போது'ன்னு தொடங்கற கட்டைகள் தனி, நிபந்தனைக் கட்டை தனி. முதல் வாரம் நிபந்தனைன்னு சொல்லி இதை விளையாடிட்டு, அடுத்த வாரம் குட்டைக்கு வந்தா குழப்பம் இரட்டிப்பாகும். விளையாடணும்னா இது 'நிகழ்வு'ன்னு தனியா பேர் சொல்லி விளையாடுங்க.

## அப்போ சரியான நிரல் எது?

பசங்க கொஞ்ச நேரம் முட்டி மோதினா ஒரு யோசனை வரும். ஒவ்வொரு அடிக்கு முன்னாடியும் கேக்கலாமே! அட்டையோட 'இல்லை' வாலுல ஒரே ஒரு 'முன்னே' மட்டும் வச்சு, அதே அட்டையை மூணு தடவை மாட்டுவாங்க.

குட்டை 3-ல: இல்லை, 1. இல்லை, 2. ஆமா, தாண்டு, 4. கொடி! குட்டை 2-ல: 1, தாண்டி 3, அப்புறம் 4. குட்டை 1-ல: தாண்டி 2, 3, 4. எல்லாம் சரி. குட்டையே இல்லைன்னா? 1, 2, 3. ஒரு கட்டம் குறையுது!

சரி, நாலாவது தடவையும் அதே அட்டையை மாட்டினா? குட்டை இல்லாதப்போ சரியா வரும். ஆனா குட்டை இருந்தா கொடியைத் தாண்டி வெளியே போயிடும். இந்த இடத்துல பசங்க அஞ்சு நிமிஷம் அமைதியா இருப்பாங்க, தொந்தரவு பண்ணாதீங்க. விடை என்னன்னா, நாலாவதா வேற கேள்வி கேக்கணும்: 'கொடிகிட்ட வந்தாச்சா?' ஆமா, நில். இல்லை, முன்னே. இப்போ குட்டை 1, 2, 3 எதுல இருந்தாலும், இல்லாமலே போனாலும் நிரல் சரியா முடியும். நாலு நிலைமை, நாலு அட்டை.

பாதையில குட்டையை வரையற வேலையை எதிர்க் குழுகிட்ட கொடுத்துடுங்க. "இவங்க நிரலைத் தோக்கடி"ன்னு சொன்னா போதும், எல்லா நிலைமையையும் அவங்களே தேடிப் பிடிப்பாங்க. ஒருநாள் யாராவது 1-லயும் 3-லயும் ரெண்டு குட்டை வரைவாங்க. தாண்டி 2, தாண்டி 4, இன்னும் ரெண்டு அட்டை பாக்கி இருக்கறதால கொடியைத் தாண்டிப் போயிடும். அப்போதான் "கொடி வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப"ங்கற தேவை வருது. அது அடுத்த பாடம், இன்னொரு எபிசோட்.

## நேயர்கள் கேட்ட ரெண்டு கேள்வி

ஒரு ஆசிரியர் கேட்டிருந்தாங்க: "வகுப்புல முப்பது பேர், நான் ஒருத்திதான். எப்படி முடியும்?" மூணு மூணு பேரா பிரிச்சா பத்து குழு. பத்துக் கட்டம் போட வேண்டாம், ரெண்டு போதும். மத்த குழு எல்லாம் வகுப்புலயே நோட்டுல கட்டம் போட்டு, பென்சில் சீவினதுக்குப் பொட்டு வச்சு மூக்கு ஆக்கி, அதை நகர்த்தி எழுதிப் பார்க்கட்டும். எழுதி முடிச்ச குழு மட்டும் வெளியே வந்து நடக்கட்டும். நடக்க முடியாத குழந்தை இருந்தாலும் இந்தப் பென்சில் கட்டமே அதுக்கு முழு ஆட்டம், எழுதறதும் சோதிக்கறதும் அப்படியேதான். வெயில் விஷயத்துல மட்டும் கவனம். ஒன்பதரை மணிக்கு மேல சிமெண்ட் தரையில வெறுங்காலோட நிறுத்தாதீங்க.

இன்னொருத்தர் கேட்டது: "கடைசியில கணினியில்தானே பண்ணணும், இதுல நேரம் போக்கினா பின்தங்கிட மாட்டாங்களா?" இதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. நெதர்லாந்துல ஃபெலியன் ஹெர்மன்ஸும் எஃப்தீமியா ஐவலோக்லூவும் 2017-ல வெளியிட்டது. தொடக்கப் பள்ளி மாணவர்கள் 35 பேர், எட்டு வாரம். ஒரு குழு முதல் நாலு வாரம் கணினி இல்லாம படிச்சு அப்புறம் ஸ்கிராட்ச்சுக்குப் போனது, இன்னொரு குழு முழுக்க ஸ்கிராட்ச். முடிவுல கருத்துகளைப் புரிஞ்சுக்கிட்டதுல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல. ஆனா கணினி இல்லாம ஆரம்பிச்சவங்களுக்குத் தன்னால முடியும்ங்கற நம்பிக்கை அதிகமா இருந்துச்சு, ஸ்கிராட்ச்ல விதவிதமான கட்டைகளைப் பயன்படுத்தினாங்க. சின்ன ஆய்வுதான், அதை வச்சுப் பெருசா சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த நாலு வாரம் வீண் போகலைன்னு சொல்லலாம். ஒண்ணை மறந்துடாதீங்க, அவங்களும் அப்புறம் கணினிக்குப் போனாங்க. கயிறோட நிறுத்தினவங்களைப் பத்தி அந்த ஆய்வு எதுவும் சொல்லல.

கணினிக்குப் போகும்போது அதே குட்டையைத்தான் எடுத்துட்டுப் போகணும். ஸ்கிராட்ச்ல அஞ்சு கட்டம் வரைஞ்சு, அதே நாலு அட்டையைக் கட்டைகளா மாத்தச் சொல்லுங்க. ஒரு குழந்தை திரையைக் காட்டி "இது ஏன் தாண்டல?"ன்னு கேட்டா, நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான்: "இப்போ சிவப்பு கிளிப் எங்கே இருக்கு?"

அடுத்த எபிசோட்ல 'கொடி வர்ற வரைக்கும்'. உங்க தெருவுல விளையாடிப் பார்த்தா, பசங்க எந்த அட்டையில மாட்டிக்கிட்டாங்கன்னு எழுதி அனுப்புங்க. சந்திப்போம்.